மைப்பேனாப் பிரியருக்கு என்ன பரிசு? ஓர் அலமாரிப் படத்தை வைத்து ஒரு பதில்

கேள்வி: "என் தோழிக்கு அடுத்த மாதம் பிறந்தநாள். அறையை மாற்றி அடுக்கியபோது அவள் எனக்கு அனுப்பிய படத்தை இணைத்திருக்கிறேன். அலமாரி முழுக்க மைப்பேனாவும் இங்க் பாட்டிலும் நோட்டும்தான். எனக்குப் பேனாவைப் பற்றி ஒன்றும் தெரியாது. இரண்டாயிரம் ரூபாய்க்குள் அவளிடம் இல்லாத ஒரு நல்ல பேனா சொல்லுங்கள்."

பேனா வாங்காதீர்கள் என்பதுதான் என் முதல் பதில். பாரிமுனையில் பேனா விற்கவும் பழுதுபார்க்கவும் செய்கிற கடை ஒன்றில் பல ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். பழுதுபார்க்கும் மேசைக்கு வருகிற பேனாக்களில் பழுதே இல்லாதவை என்று ஒரு தனி வகை உண்டு. "பிறந்தநாளுக்கு வந்தது, ஆனால் எனக்குக் கை வரவில்லை" என்று சொல்லி நீட்டுவார்கள். மை நிரப்பி எழுதிப் பார்த்தால் பேனா ஒழுங்காகத்தான் எழுதும். நிப்பின் பருமனோ, பிடியின் தடிமனோ, எடையோதான் அந்தக் கைக்கு ஒத்துவராமல் இருக்கும். மைப்பேனாவோடு நெடுநாள் பழகியவருக்கு இந்த மூன்றும் செருப்பின் அளவைப் போல உறுதிப்பட்டுவிடுகின்றன. குறிப்பாகத் தமிழ் எழுதும் கைக்கு நிப்பு பெரிய விஷயம். நம் எழுத்துகளில் சுழிகள் அதிகம். சின்ன எழுத்தாக எழுதுகிறவர் பட்டையான நிப்பில் எழுதினால் ண, ஞ, ழ ஆகியவற்றின் சுழிகள் மையில் அடைபட்டுப்போகும். நிப்பின் மீது மெல்லிய முனையைக் குறிக்கும் ஃபைன் என்று பொறித்திருப்பதும் போதிய உத்தரவாதம் ஆகாது. ஜப்பானிய நிறுவனங்களின் ஃபைன், ஜெர்மானிய நிறுவனங்களின் எக்ஸ்ட்ரா ஃபைனுக்கு நெருக்கமாக இருக்கும். பேனாவைப் பற்றித் தெரியாத ஒருவர், அதைப் பற்றி நன்றாகத் தெரிந்த ஒருவருக்கு இந்தத் தேர்வைச் செய்து கொடுப்பது கடினம்.

உங்கள் படத்திலேயே இதற்கு ஒரு சாட்சி இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. மேல்தட்டில், புத்தகங்களுக்கு மேலே, ஒரு பேனாப் பெட்டி படுக்கை வாட்டில் இருக்கிறது. அதன் மீது பரிசுத்தாளின் ஒட்டுநாடா இன்னும் பாதி ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதற்குள் பேனா இருக்கிறதா, வெறும் பெட்டியா என்று படத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் தினமும் எழுதும் பேனாக்கள் பெரும்பாலும் கைக்கு எட்டும் நடுத்தட்டில் மரத்தாங்கியில் நிற்கும்போது, இது மட்டும் முக்காலி போட்டு எடுக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. யாரோ அன்போடு கொடுத்த பேனா அங்கே போய்ச் சேர்ந்திருக்கலாம். அப்படித்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டாவது பெட்டியை அதன் மேல் அடுக்கும் ஆபத்தை நான் எடுக்க மாட்டேன்.

பிறர் அலமாரியைப் பார்த்துப் பரிசு தேர்ந்தெடுக்கும்போது நம் கண் முதலில் எண்ணிக்கை அதிகமாக உள்ள பொருளுக்குப் போகிறது. ஏழு பேனா இருந்தால் எட்டாவது பேனா வாங்கத் தோன்றுகிறது. ஆனால் ஏழு பேனா இருக்கிறது என்றால் பேனாவைத் தேர்ந்தெடுக்கும் வேலையை அவரே நன்றாகச் செய்துகொள்கிறார் என்றுதான் அதற்குப் பொருள். பரிசு தேடுகிறவர் பார்க்க வேண்டியது எது தீர்ந்துகொண்டிருக்கிறது என்பதை. மைப்பேனாவைப் பொறுத்தவரை தீரக்கூடியவை இரண்டுதான்: மை, தாள். இந்த இரண்டும் உங்கள் படத்தில் கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால் தெரிகின்றன.

அதற்கு முன் ஒரு வேலை. நீங்கள் இணைத்திருப்பது வாட்ஸ்அப்பில் வந்த படம் என்று நினைக்கிறேன்; அது படத்தைச் சுருக்கிவிடுவதால் லேபிள்களில் உள்ள எழுத்துகள் கரைந்துபோயிருக்கின்றன. அறை நன்றாக இருக்கிறது, படத்தைப் பெரிதாக வைத்துக்கொள்ள ஆசை என்று சொல்லி, அதையே டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். அப்போது மூலப்படம் சுருங்காமல் வந்துசேரும். சந்தேகமும் எழாது. இன்னொன்று, படத்தின் வலது ஓரத்தில் முகவரி தெரியும்படி ஒரு ரசீது ஒட்டியிருக்கிறது. அந்தப் பகுதியை வெட்டிவிட்டுப் படத்தை மறுபடியும் இணைத்துவிடுங்கள். பொதுவெளியில் அது இருக்கக் கூடாது.

இப்போது பேனாக்கள். கம்பியை வளைத்து வைத்தது போன்ற பெரிய கிளிப்புடன் மஞ்சளும் கறுப்புமாகத் தெரியும் இரண்டும் லாமி சஃபாரி. அந்தக் கிளிப்பால் தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும். வழவழப்பான கறுப்பு உலோகப் பேனா பைலட் மெட்ரோபாலிட்டன் போலத் தெரிகிறது. இது முக்கால் உறுதிதான். உடல் முழுவதும் கண்ணாடி போல் உள்ளே மை தெரிய நிற்பது ட்விஸ்பி ஈகோ. அதன் மூடியும் அடிக்குமிழும் முகமுகமாக வெட்டியது போல் இருப்பதால் சொல்கிறேன். தடித்த, பளபளப்பில்லாத இன்னொரு பேனா, கையால் கடைந்த எபோனைட் பேனா. கெட்டிப்படுத்திய ரப்பரால் ஆன இவ்வகைப் பேனாக்கள் நமக்கு அருகே திருவள்ளூரிலேயே ரங்கா என்ற பெயரில் செய்யப்படுகின்றன. அது ரங்காவா, வேறு பட்டறையுடையதா என்று இந்தப் படத்தில் பிரித்தறிய வழியில்லை. மீதி இரண்டும் தாங்கியின் நிழலில் இருக்கின்றன. அவற்றைப் பற்றி ஊகிக்கத் தேவையும் இல்லை.

இவற்றில் நமக்குப் பெரிய உதவி செய்வது ட்விஸ்பிதான். பேனாவின் உடலே மைத்தொட்டி என்பதாலும், உடல் ஒளிபுகும் என்பதாலும், படம் எடுத்த அன்று அவர் எந்த நிற மையில் எழுதிக்கொண்டிருந்தார் என்பதை அது காட்டிவிடுகிறது. உள்ளே இருப்பது கருநீலம். ஏறக்குறைய பாதி அளவு. வெறும் காட்சிக்கு வைத்த பேனாவில் மை இருக்காது. அல்லது சுவரில் திட்டுத் திட்டாகக் காய்ந்திருக்கும். இங்கே மையின் மேல்மட்டம் ஒரே கோடாக இருக்கிறது. ஆகவே இது ஓடிக்கொண்டிருக்கும் பேனா.

அடுத்து மைப்புட்டிகள். ஐந்து இருக்கின்றன. இடது ஓரத்தில் உள்ள புட்டியில் அடியில் ஒரு விரல்கடை மைதான் மிச்சம். லேபிள் பின்பக்கம் திரும்பியிருந்தாலும் அந்தப் புட்டி எது என்று உறுதியாகச் சொல்லலாம். அதன் அடிப்பாகத்தைச் சுற்றி வெள்ளையாக ஒரு பட்டை தெரிகிறது அல்லவா? அது லேபிள் இல்லை. நிப்பைத் துடைத்துக்கொள்வதற்காகப் புட்டியோடு சேர்த்துச் சுற்றித் தரும் ஒற்றுத்தாள். இப்படி ஒற்றுத்தாள் சுருளோடு வருவது லாமியின் டி52 என்ற 50 மில்லி புட்டி. கடைசிச் சொட்டு மையும் ஒதுங்கி நிற்க அதன் அடியில் ஒரு குழியும் இருக்கும். படத்தைப் பெரிதாக்கினால் ஒற்றுத்தாளின் ஓரத்தில் கறை தெரிகிறது. அந்தக் கறையின் நிறமும் ட்விஸ்பிக்குள் இருக்கும் மையின் நிறமும் ஒன்றாக இருக்கின்றன. இப்படி ஒன்றையொன்று சாராத இரண்டு தடயங்கள் ஒரே முடிவுக்குக் கொண்டுவரும்போது நான் அதை நம்புகிறேன். அவர் அன்றாடம் எழுதுவது லாமியின் கருநீல மையில், அது தீரப்போகிறது.

இதில் ஓர் ஐயத்தையும் தீர்த்துக்கொள்ள வேண்டும். சென்னை வெயிலில், மூடி சரியாக இறுகாத புட்டியில் மை தானாகவே வற்றும். குறைந்திருப்பதெல்லாம் எழுதித் தீர்ந்தது ஆகாது. வற்றிய புட்டியை அடையாளம் காண, கண்ணாடியின் உட்சுவரைப் பாருங்கள். மெல்ல மெல்ல மட்டம் இறங்கியதால் ஏரிக்கரையில் நீர் இறங்கிய தடம் போல் வளையம் வளையமாகக் கோடு விழுந்திருக்கும். மூடியின் மரையில் பொருக்கு கட்டியிருக்கும். உங்கள் படத்தில் இடது ஓரப் புட்டியின் சுவர் சுத்தமாக இருக்கிறது. ஆனால் வலது ஓரத்துச் சிவப்பு மையில் அப்படி இரண்டு வளையங்கள் தெரிகின்றன. சிவப்பு குறைந்திருப்பதைப் பார்த்துச் சிவப்பு வாங்கிவிட வேண்டாம் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

நடுவில் உள்ள மூன்று புட்டிகளும் கழுத்து வரை நிறைந்திருக்கின்றன: ஆரஞ்சு, இளஞ்சிவப்பு, பச்சை. இவை அவரே ஆசையாக வாங்கி ஒன்றிரண்டு முறை எழுதிப் பார்த்துவிட்டு விட்டவையாக இருக்கலாம். பிறர் கொடுத்தவையாக இருக்கலாம். நேற்றுத்தான் வாங்கியதாகவும் இருக்கலாம். எதுவென்று தெரியாவிட்டாலும், புது நிறத்தில் இன்னொரு முழுப் புட்டி இப்போது வேண்டாம் என்ற முடிவு மாறுவதில்லை. தினமும் நிறைய எழுதுகிறவருக்குக்கூட 50 மில்லி மை பல மாதங்கள் வரும். பிடிக்காத நிறம் அவ்வளவு நாளும் கண்ணெதிரே உட்கார்ந்திருக்கும்.

"கருநீல மைதானே, எந்தக் கருநீலமானால் என்ன?" என்று கடைக்காரர் சிலர் சொல்வார்கள். அதற்கு இணங்காதீர்கள். கருநீலத்தைக் குறிக்கும் ப்ளூ பிளாக் என்பது நிறத்தின் பெயர். மையின் சேர்மானம் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. எடுத்துக்காட்டாக பெலிக்கன் 4001 ப்ளூ பிளாக்கில் இரும்புச் சேர்மம் உண்டு. அது தாளில் நன்றாக நிலைக்கும். ஆனால் பேனாவில் நெடுநாள் காயவிட்டால் படிந்து அடைக்கும். ஒரு மையின் மிச்சம் பேனாவுக்குள் இருக்கும்போது சேர்மானம் வேறான இன்னொரு மையை ஊற்றினால் சில சமயம் திரிந்து, நிப்பின் அடியில் இருக்கும் நாக்கின் மெல்லிய கால்வாய்களை அடைத்துக்கொள்ளும். அதே மையைக் கொடுத்தால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. அவர் பேனாவைக் கழுவக்கூட வேண்டியதில்லை. இதைவிட முக்கியமாக, இந்தியன் இங்க், ட்ராயிங் இங்க், எழுத்தணிக்கலைப் பெட்டிகளோடு வரும் சின்னச் சின்ன மைக்குப்பிகள் ஆகியவற்றை மறந்தும் வாங்கக் கூடாது. அவற்றில் பல, தொட்டு எழுதும் முனைகளுக்காகச் செய்தவை. அரக்கோ வேறு பசையோ கலந்திருப்பதால் காய்ந்தால் கரையாது. மைப்பேனாவுக்குள் போனால் பேனா போனதுதான். மினுமினுப்புத் துகள் கலந்த மைகளும் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் துகள் அடியில் படிந்து அடைப்பதால், வாரம் தவறாமல் கழுவுகிற பொறுமை உள்ளவருக்கு மட்டுமே அவை ஏற்றவை.

ஆனாலும் அவர் ஏற்கெனவே வாங்கும் அதே மைப்புட்டியை மட்டும் தனியாகக் கொடுத்தால், அது உபயோகமான பொருளாக இருக்குமே தவிரப் பிறந்தநாள் பரிசாகக் கொஞ்சம் மொட்டையாகத் தெரியும். அதைத் துணைப் பொருளாக வைத்துக்கொண்டு, முதன்மைப் பரிசைத் தாளிலிருந்து தேர்ந்தெடுக்கலாம் என்பது என் யோசனை. அதற்கான காரணம் உங்கள் படத்தின் கீழ்த்தட்டில் இருக்கிறது.

கீழ்த்தட்டில் இரண்டு வகை நோட்டுகள் உள்ளன. ஒரு பக்கம் பள்ளி லாங் சைஸ் நோட்டுகளின் அடுக்கு. இன்னொரு பக்கம் தனியாக, ரிப்பன் அடையாளக் கயிற்றோடு கெட்டி அட்டை நோட்டு ஒன்று. அந்தக் கயிறு எங்கே நிற்கிறது என்று பாருங்கள். நோட்டின் பக்கவாட்டு விளிம்பில், முன்னால் இருக்கும் தாள்கள் சற்று உப்பி, மங்கலாக, ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்கின்றன. பின்னால் இருப்பவை வெட்டிய வெட்டு மாறாமல் நெருக்கமாக இருக்கின்றன. மையால் எழுதிய தாள் லேசாக நெளிந்துவிடுவதால் இந்த வேறுபாடு வருகிறது. எழுதிய பகுதிக்கும் எழுதாத பகுதிக்கும் இடையில் உள்ள கோடு, கயிறு நிற்கும் இடத்தோடு ஒத்துப்போகிறது. ஏறக்குறைய முக்கால் நோட்டு முடிந்துவிட்டது. அடுத்த மாதம் பிறந்தநாள் என்றால், புது நோட்டு சரியான நேரத்தில்தான் போய்ச்சேரும்.

லாங் சைஸ் நோட்டுகளை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியவில்லை. அவை பழைய கல்லூரிக் குறிப்புகளாகவும் இருக்கலாம். ஆனால் அவர் விரும்பி எழுதுவது அந்தக் கெட்டி அட்டை நோட்டில்தான் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அதன் மேல்தான் ஒரு சஃபாரியின் மூடி தனியாகக் கிடக்கிறது. அந்த மூடிக்குரிய மஞ்சள் பேனா முழுதாக நோட்டின் அருகிலேயே, ஏறக்குறைய அதே தூரத்தில், குறுக்காக வைக்கப்பட்டிருப்பது நமக்கு அளவு எடுக்கவும் உதவுகிறது. மூடி போட்ட லாமி சஃபாரியின் நீளம் 14 சென்டிமீட்டரை ஒட்டி வரும். மூடி இல்லாமல் 13 அளவில் இருக்கும். நோட்டின் குறுகிய பக்கம் அந்தப் பேனாவைவிடக் கொஞ்சமே நீளமாக இருக்கிறது. ஏ5 தாளின் அளவு 148க்கு 210 மில்லிமீட்டர் என்பதால் இது ஏ5 நோட்டு என்று கணிக்கிறேன். இப்படி அளக்கும்போது இரண்டு பொருளும் கேமராவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். தாங்கியில் நிற்கும் பேனாவை வைத்துக் கீழ்த்தட்டு நோட்டை அளந்தால் தவறு வரும்.

அளவு தெரிந்துவிட்டது, தாள் எப்படி இருக்க வேண்டும் என்பதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். கடைகளில் அழகான தோல் அட்டையும், உலர்ந்த பூக்கள் பதித்த கையால் செய்த தாளும் கொண்ட நோட்டுகள் நிறைய இருக்கும். பந்துமுனைப் பேனாவால் எழுதுகிறவருக்கு அவை நல்ல பரிசு. மைப்பேனாவுக்கு ஆகாது. கையால் செய்த தாளில் பெரும்பாலும் மை உறிஞ்சப்பட்டு நாலாபக்கமும் இழை இழையாக ஓடும், மறுபக்கமும் ஊறிவிடும். மை தாளின் மேல்பரப்பில் நின்று காய வேண்டுமானால் தாளுக்குத் தயாரிப்பின்போதே பசைப்பூச்சு சரியாக ஏற்றப்பட்டிருக்க வேண்டும். தாளின் கனத்தை மட்டும் வைத்து இதைச் சொல்ல முடியாது. 100 ஜி.எஸ்.எம். என்று அச்சிட்ட கனமான தாளில் மை பரவுவதையும் பார்க்கிறோம். ஜப்பானின் டோமோ ரிவர் தாள் 52 ஜி.எஸ்.எம். மட்டுமே இருந்தும் அதில் மை ஊறாமல் நிற்கிறது. பிரான்ஸின் ரோடியா, கிளேர்ஃபோன்டேன் தாள்கள் இந்த விஷயத்தில் நல்ல பெயர் பெற்றவை. இந்திய நிறுவனங்கள் சிலவும் மைப்பேனாவுக்கென்றே நோட்டுகள் போடுகின்றன. அவற்றில் ஒரே பெயரில் வரும் நோட்டிலும் தாள் இடையில் மாறிவிடுவதுண்டு என்பதால், பெயரைச் சொல்வதைவிடச் சோதிக்கும் முறையைச் சொல்கிறேன்.

மை நிரப்பிய ஒரு பேனாவோடு கடைக்குப் போங்கள். பேனாக்கடைகளில் கேட்டால் அவர்களே ஒன்று தருவார்கள். பாரிமுனைப் பக்கம் என்.எஸ்.சி. போஸ் சாலையில் உள்ள கடைகளில் சோதித்துப் பார்க்கக் கேட்பது வழக்கமான செயல்தான். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். மாதிரி நோட்டின் கடைசித் தாளில் முதலில் ஒரு கோடு வேகமாகவும் ஒரு கோடு மெதுவாகவும் போடுங்கள். பிறகு ண, ஞ, ழ என்ற மூன்று எழுத்தையும் உங்கள் தோழி எழுதுவதைப் போன்ற சின்ன அளவில் எழுதுங்கள். அடுத்து, நிப்பைத் தாளில் வைத்து மூன்று எண்ணும்வரை அசைக்காமல் நிறுத்தி ஒரு புள்ளி வையுங்கள். கோட்டின் ஓரத்தை வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள். ஓரம் கத்தியால் வெட்டியது போல இருந்தால் நல்ல தாள், மயிர்க்கால் போலக் கிளை விட்டிருந்தால் வைத்துவிடுங்கள். தாளைத் திருப்பினால் கோடுகள் நிழலாகத் தெரிவதில் தவறில்லை. மெல்லிய தாள் எல்லாவற்றிலும் அப்படித் தெரியும். புள்ளி வைத்த இடத்தில் மை மறுபக்கம் ஈரமாக ஊறியிருந்தால் மட்டும் வேண்டாம். கடைசியாக, நோட்டை நடுவில் திறந்து மேசையில் வையுங்கள். நூலால் தைத்த நோட்டு தானாகவே படிந்து கிடக்கும். வெறும் பசையால் ஒட்டியது மூடிக்கொள்ளப் பார்க்கும். கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே மைப்பேனாவால் எழுதுவது தொல்லை, கை பட்டு மை கலையும்.

நம் ஊருக்கு ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஈரப்பதம் ஏறிய தாளில் நல்ல மையும் பரவும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நல்ல நோட்டைக்கூடக் குறைசொல்லிக்கொண்டு வருவார்கள். கடையில் கண்ணாடிக் காகிதம் பிரிக்காத நோட்டாக வாங்குங்கள்; சோதித்துப் பார்த்தது மாதிரி நோட்டு, கொடுப்பது உறை பிரிக்காத நோட்டு என்று இருக்கட்டும்.

தாள் நல்லதாக இருக்க இருக்க மை காயும் நேரமும் கூடும். வலக்கையால் எழுதுகிறவருக்கு இது பொருட்டில்லை. இடக்கையால் எழுதுகிறவரானால், எழுதிய வரியின் மேலேயே கை நகர்ந்து போவதால் எல்லாம் கலைந்துவிடும். அவருக்கு டோமோ ரிவர் போன்ற தாள் தண்டனையாகிவிடக்கூடும். படத்தில் மேசைவிளக்கு வலப்பக்கம் இருக்கிறது. கையின் நிழல் எழுத்தில் விழாமல் இருக்க வலக்கையர் பெரும்பாலும் விளக்கை இடப்பக்கம்தான் வைப்பார்கள் என்பதால் எனக்குச் சற்று ஐயம் வந்தது. முன்பக்கக் கேமராவில் எடுத்த படமாக இருந்தால் இடவலம் மாறியிருக்கலாம் என்று பார்த்தேன். புத்தக முதுகில் எழுத்துகள் நேராகத்தான் இருக்கின்றன, ஆகவே படம் திரும்பவில்லை. ஆனால் பிளக்பாயின்ட் அந்தப் பக்கம் மட்டும்தான் இருக்கிறது என்பதாலும் விளக்கு அங்கே வந்திருக்கலாம். இது படத்தால் தீராத கேள்வி. உங்களுக்கோ உடனே தெரியும். அவர் இடக்கையர் என்றால் ரோடியா வகையைப் பாருங்கள், அதிலும் கோடு போட்டுச் சில விநாடிகளில் விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

வெயிலைப் பற்றியும் ஒரு குறிப்பு. எபோனைட் வெளிச்சத்தில் நெடுநாள் இருந்தால் கறுப்பு மங்கிப் பழுப்பேறும். தொலைபேசிப் படத்தின் நிறத்தை நம்ப முடியாது என்பதால் பக்கத்தில் இருக்கும் கறுப்பு உலோகப் பேனாவோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். அது சுத்தக் கறுப்பாகத் தெரிகிறது, எபோனைட்டின் ஜன்னல் பக்கத்து விளிம்பு மட்டும் பழுப்பாகத் தெரிகிறது. எபோனைட்டில் இயல்பாகவே பழுப்பு ரேகை ஓடும் வகையும் உண்டு என்றாலும், அந்த அலமாரிக்கு வெயில் படுவதற்கு வாய்ப்பு இருக்கிறது. மையின் சாயமும் வெயிலில் வெளுக்கும். மைப்புட்டியை அதன் அட்டைப்பெட்டியோடு கொடுங்கள். பரிசுக்கூடையில் அழகுக்காகப் பெட்டியை எடுத்துவிட்டுப் புட்டியை மட்டும் வைக்க வேண்டாம்.

ஆகவே என் கணக்கு இப்படி இருக்கிறது: ஏ5 அளவில், நூல் தைத்த, சோதித்துத் தேர்ந்த நோட்டு ஒன்று, லாமி டி52 கருநீல மை ஒரு புட்டி. விலை கடைக்குக் கடை மாறும் என்பதால், இரண்டும் சேர்ந்து உங்கள் இரண்டாயிரத்துக்குள் அடங்கும்படி நோட்டைத் தேர்ந்தெடுங்கள். பணம் மிஞ்சினால் அதை இன்னொரு பொருளில் போடாமல் நோட்டின் தரத்தில் போடுங்கள். நோட்டின் முதல் பக்கத்தில் வாழ்த்து எழுதிவிடாதீர்கள். மைப்பேனாக்காரர்களில் பலர் முதல் பக்கத்தை மைகளைச் சோதித்து எழுதவோ, தாங்களே தொடங்கவோ வைத்திருப்பார்கள். வாழ்த்தைத் தனி அட்டையில் எழுதி உள்ளே வையுங்கள். ரசீதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். உறை பிரிக்காத நோட்டை மாற்றித் தர முடியுமா என்று வாங்கும்போதே கேட்டுவிடுவது நல்லது.

எனக்குத் தெளிவாகாத முக்கியமான ஒன்று, அந்த நோட்டின் உட்பக்கம் வரி போட்டதா, புள்ளி போட்டதா, வெறுமையா என்பது. மூடிய நோட்டில் அதைப் பார்க்க வழியில்லை, ஊகிக்கவும் நான் விரும்பவில்லை. வரிக்குப் பழகியவருக்கு வெறுந்தாள் கைக்கு வசப்படாது. அவர் எப்போதாவது தன் கையெழுத்தைப் படமெடுத்து உங்களுக்கு அனுப்பியிருந்தால் அந்தப் படத்தைத் தேடிப் பாருங்கள். இல்லையென்றால் அவர் வீட்டில் வேறு யாரிடமாவது, அவர் இல்லாத நேரம் பார்த்து, நோட்டைத் திறந்து படிக்காமல் கோட்டை மட்டும் பார்த்துச் சொல்லக் கேளுங்கள். அப்படியே இடது ஓரப் புட்டியைத் திருப்பி லேபிளையும் வாசிக்கச் சொல்லுங்கள். அந்த இரண்டு விவரமும் கிடைத்ததும் இங்கே எழுதினால், எந்த நோட்டு என்று பெயரோடு சொல்கிறேன்.